நிஸ்பத் யா: இந்த முறை வந்த கேள்விகள்

மக்கா, மக்கீ ஆகிறது. அப்படியானால் மதீனா, மதீனீ ஆகாமல் மதனீ ஆவது ஏன்? (கீழக்கரை வாசகி)

இரண்டிலும் முதல் வேலை கடைசித் தா மர்பூத்தாவைக் கழற்றுவதுதான். அதைக் கழற்றாமல் யாவை ஒட்டாதீர்கள் என்று எத்தனை தடவை எழுதினாலும் மாதம் ஒருவராவது 'மக்கத்தீ' என்று அனுப்பிவிடுகிறார்கள். மக்காவில் வேலை அதோடு முடிந்தது. மதீனா 'ஃபஈலா' அச்சில் வரும் சொல், அதனால் தாவோடு நடுவிலுள்ள யாவும் போகும், தால் எழுத்தின் கஸ்ரா ஃபத்ஹா ஆகும். கஸ்ரா, யா, மறுபடி கஸ்ரா, அதன் மேல் ஷத்து போட்ட யா என்று வரிசையாக வந்தால் நாக்குக்குப் பாரம், அவ்வளவுதான் காரணம். நபியின் நகரத்தைச் சேர்ந்தவர் மதனீ. வேறு நகரம் என்று பிரித்துக் காட்ட மதீனீ என்றும் பழைய நூல்களில் உண்டு.

'தபீஆ'விலிருந்து தபீஈ என்று எழுதினேன். விதிப்படி தபஈதான் சரி என்று ஆசிரியர் சிவப்பு மையில் அடித்துவிட்டார். யார் சரி?

நீங்கள்தான். இந்தச் சிவப்பு மையைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே பேச வேண்டும், ஏனென்றால் விதியைப் பாதி படித்தவர்கள்தான் இதில் அதிகம் திருத்துகிறார்கள்.

ஹனீஃபாவை எடுத்துக்கொள்ளுங்கள். அபூ ஹனீஃபா என்பதில் 'அபூ'வை விட்டுவிட்டு இரண்டாம் சொல்லை எடுக்கிறோம். தா போனது, யா போனது, நூனின் கஸ்ரா ஃபத்ஹா ஆனது: ஹனஃபீ. சரி. ஆனால் யாவை நீக்குவதற்கு முன் இரண்டைப் பார்த்தாக வேண்டும். வேரின் இரண்டாம் மூன்றாம் எழுத்துகள் ஒன்றாக இருக்கக் கூடாது, இரண்டாம் எழுத்து வாவாக இருக்கக் கூடாது. ஜலீலாவில் யாவை எடுத்தால் இரண்டு லாம் முட்டிக்கொள்ளும், அதனால் ஜலீலீ. தவீலாவில் வாவ் இருப்பதால் தவீலீ. ஹகீகா, ஹகீகீ ஆவதை 'விதிவிலக்கு' என்று பாடப் புத்தகத்தின் ஓரத்தில் குறித்து வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அழித்துவிடுங்கள். அதில் இரண்டு காஃப் இருக்கிறது, விதிப்படியே யா நின்றது.

தபீஈ, ஸலீகீ ஆகியவைதான் உண்மையில் விதிக்கு வெளியே நிற்பவை. அரபிகள் அப்படிச் சொன்னதால் இலக்கணிகளும் அப்படியே பதிவு செய்தார்கள். நகரம், கோத்திரம் போன்ற பேர்போன பெயர்களில் விதி கெட்டியாக நிற்கிறது, பொதுச் சொற்களில் யா தங்கிவிடுவது சகஜம் என்றுதான் நான் பார்க்கிறேன். தபஈ என்று எழுதுவதால் மொழி சுத்தமாகிவிடாது, படிப்பவர்தான் குழம்புவார். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு: தமீம் போலத் தா இல்லாத சொல்லில் யா அப்படியே இருக்கும், தமீமீ. ஆனால் ஸகீஃப் கோத்திரத்தார் ஸகஃபீ, குறைஷிகள் குறஷீ. இவை கேட்டுப் பழகிய வடிவங்கள், இவற்றை வைத்துப் புது விதி செய்யாதீர்கள்.

பாகியாத்தில் படித்தவர் 'பாகவி' ஆவது எப்படி? வாவ் எங்கிருந்து வந்தது?

வேலூர் அல்பாகியாத்துஸ் ஸாலிஹாத்தின் முதல் சொல்லிலிருந்துதான். பன்மைக் குறியான 'ஆத்' போனால் மிஞ்சுவது 'பாகீ'. காளீ என்பதைப் போலவே இதிலும் யா நான்காம் எழுத்து. அதை நீக்கவும் செய்யலாம், வாவாக்கி முன்னெழுத்துக்கு ஃபத்ஹா கொடுக்கவும் செய்யலாம். இரண்டாவது வழியில் வந்ததுதான் பாகவி. நீக்கியிருந்தால் மூலச் சொல்லும் நிஸ்பத்தும் காதுக்கு ஏறக்குறைய ஒன்றாகவே கேட்டிருக்கும்.

ஸஹ்ரா, ஸஹ்ராவீ. இன்ஷா மட்டும் ஏன் இன்ஷாஈ?

கடைசி ஹம்ஸா எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பெண்பாலுக்காகச் சேர்ந்த ஹம்ஸா வாவாகும், வேரிலேயே உள்ளது அசையாது. ஸமா போல வாவிலிருந்து திரிந்த ஹம்ஸா என்றால் ஸமாவீ, ஸமாஈ இரண்டும் சரி. ஸன்ஆ நகரத்தார் ஸன்ஆனீ. ஏன் என்று கேட்காதீர்கள், மனப்பாடம்தான்.

துவலீ தவறா?

பன்மையை ஒருமையாக்கி தவ்லீ என்பது பஸராக்காரர்கள் வழி. பன்மையிலேயே யா சேர்க்கக் கூஃபாக்காரர்கள் இடம் கொடுத்தார்கள். இன்று 'நாடுகளுக்கு இடையிலான' என்ற பொருளில் துவலீ நிலைத்துவிட்டது, விட்டுவிடுங்கள். அன்ஸாரீ, ஜஸாஇரீ ஆகியவற்றில் சண்டையே இல்லை, பன்மையே அங்கே பெயராகிவிட்டது.

'மலிகீ' என்று எழுதலாமா?

எந்தச் சொல்லிலிருந்து என்று எழுதாமல் கேட்டால் எப்படி? அரசன் என்ற மலிக்கிலிருந்து என்றால் மலகீ, லாமுக்கு ஃபத்ஹா. இமாம் மாலிக்கிலிருந்து என்றால் மாலிகீ. அடுத்த தடவை உயிர்க்குறி போட்டு அனுப்புங்கள்.

ஸனா (ஆண்டு) ஏன் ஸனவீ?

வேரில் தொலைந்த வாவ் திரும்பி வருகிறது. லுகா, லுகவீயும் அப்படியே.

ரய் நகரத்தார் ராஸீ, மர்வ் நகரத்தார் மர்வஸீ. இந்த ஸா எந்த விதியில் சேரும்?

எதிலும் சேராது.