ஒமேகா 3 கொடுத்தா பேச்சு வருமா?

"ஆறு வயசு பையன், ஆட்டிசம், கவனமும் நிக்கல. மீன் எண்ணெய் மூணு மாசம் கொடுத்தா பேச்சு வந்துடும்னு சொல்றாங்க, வாங்கலாமா?"

பேச்சுக்காகன்னா வாங்காதீங்க, அப்படி வரும்னு நம்பற மாதிரி எந்த ட்ரையலும் காட்டல. ஆட்டிசத்துக்கு நடந்த ட்ரையல்கள் பெரும்பாலும் ரொம்ப சின்னது.

கவனக்குறைவுக்கு 2011ல பத்து ட்ரையல சேர்த்துப் பாத்தப்ப சின்னதா ஒரு பலன் தெரிஞ்சுது, ஈபிஏங்கற ஒமேகா 3 வகை அதிகமா இருந்த எண்ணெய்ல கொஞ்சம் கூடுதலா. ஆனா 2023ல, மருத்துவ ஆய்வுகள சேர்த்து அலசற கோக்ரேன் அமைப்பு 37 ட்ரையல அலசினப்ப, பெத்தவங்க போட்ட மார்க்ல டம்மி மாத்திரைக்கும் இதுக்கும் வித்தியாசமே இல்ல.

மூணு மாசத்துல குழந்தை தானாவும் வளருது, தெரபியும் நடக்குது, அந்த பேர இது தட்டிட்டுப் போயிடுது.

வீட்ல டப்பா இருந்தா பின்பக்கம் பாருங்க, முன்னாடி 1000 மிகின்னு இருக்கும், அது மொத்த எண்ணெய், உள்ள ஒமேகா 3 வகைங்களான ஈபிஏ 180, டிஹெச்ஏ 120 தான் பல டப்பால இருக்கும்.

மீன் அலர்ஜி இருந்தா வேணாம், வலிப்பு மாத்திரையோ வேற மருந்தோ போயிட்டிருந்தா டாக்டர்ட்ட கேக்காம ஆரம்பிக்காதீங்க, இதுக்காக ஸ்பீச் தெரபிய மட்டும் நிறுத்திடாதீங்க.