"கடின உழைப்பாளி" என்று எழுதி அனுப்பியவர்களுக்கு: கவர் மெயில் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ரெஸ்யூமோடு போகிற கவர் மெயிலைப் பற்றித்தான். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்துவிட்டேன்.

நாலு வருஷமாக ஒரு பின்னலாடை யூனிட்டில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். நிறைய இடங்களுக்கு அனுப்பியும் ஒரு போன்கூட வரவில்லை. மெயிலை இணைத்திருக்கிறேன், என்ன தப்பு? (திருப்பூர் வாசகி)

உங்கள் மெயிலில் இருப்பது இவ்வளவுதான்: கடின உழைப்பாளி, நேர்மையானவர், டேலி, ஜிஎஸ்டியில் நல்ல அனுபவம், எந்தச் சூழலிலும் வேலை செய்வேன். இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அதே வேலைக்கு விண்ணப்பித்த மற்ற எல்லோரும் இதையேதான் எழுதியிருப்பார்கள், படிப்பவர் யாரைக் கூப்பிடுவார்?

நான் பதில் போட்டு உங்களிடம் கேட்டது மூன்றே கேள்வி. முன்பு எப்படி இருந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், பிறகு என்ன ஆனது. அதற்கு நீங்கள் எழுதிய பதிலில்தான் உண்மையான மெயில் ஒளிந்திருந்தது. நூல், டையிங், பிரிண்டிங், அட்டைப்பெட்டி என்று மாதம் 400 கொள்முதல் பில் வருகிறது. சப்ளையர் தன் விற்பனை ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1ஐ 11ஆம் தேதிக்குள் போடாவிட்டால் அந்த பில் 14ஆம் தேதி உங்கள் யூனிட்டுக்கு வரும் கிரெடிட் பட்டியலான 2பியில் இருக்காது. 2022 ஜனவரியிலிருந்து 2பியில் இல்லாத பில்லுக்கு கிரெடிட் எடுக்க முடியாது, அதாவது கொள்முதலில் கொடுத்த ஜிஎஸ்டியைக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள முடியாது, அந்த வரியைக் கையிலிருந்து கட்ட வேண்டியதுதான். உங்கள் யூனிட்டில் 20ஆம் தேதி, வரி கட்டும் ரிட்டர்னான 3பி போடுகிற அன்றுதான் இதைப் பார்ப்பார்களாம். அப்போது சப்ளையருக்கு போன் போட்டு என்ன பயன், இனி அவர் போட்டாலும் அடுத்த மாதக் கணக்கில்தான் வரும். நீங்கள் அந்த போனை மாதத்தின் முதல் வாரத்துக்கு மாற்றினீர்கள். இதுதான் சாதனை. இதை எழுத வெட்கப்பட்டுக்கொண்டு "நேர்மையானவர்" என்று எழுதியிருக்கிறீர்கள்!

மாற்றி எழுதியது கீழே. தமிழில் தருகிறேன், ஆங்கிலத்தில் அனுப்பினாலும் இதே வரிசையில் போகட்டும்.

"ஐயா, நீங்கள் அறிவித்துள்ள சீனியர் அக்கவுண்டன்ட் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். இப்போது ஒரு பின்னலாடை யூனிட்டில் மாதம் சுமார் 400 கொள்முதல் பில்களை டேலியில் பதிந்து 2பியோடு சரிபார்க்கும் பொறுப்பு என்னுடையது. நான் சேர்ந்தபோது சப்ளையர்கள் ரிட்டர்ன் தாமதித்ததால் சுமார் 6 லட்சம் ரூபாய் கிரெடிட் வராமல் நின்றிருந்தது. வழக்கமாகத் தாமதிப்பவர்களைப் பட்டியலிட்டு, மாத முதல் வாரத்திலேயே நினைவூட்ட ஆரம்பித்தேன். பில் 2பியில் வந்த பிறகே அதன் ஜிஎஸ்டி தொகையைக் கொடுப்பது என்ற நடைமுறைக்கு நிர்வாகத்திடம் ஒப்புதல் வாங்கினேன். ஒரு வருடத்தில் நிலுவை 1 லட்சத்துக்குள் வந்தது. ரெஸ்யூம் இணைத்துள்ளேன். ஒரு மாத நோட்டீஸில் சேர முடியும்."

நேர்மை, உழைப்பு என்ற சொல்லே இல்லை, கவனித்தீர்களா? படிப்பவருக்கு அது தானாகத் தெரியும். ஒன்று மட்டும்: இந்த மெயில் ஜிஎஸ்டி வேலை தெரிந்தவரைத் தேடும் இடத்துக்குத்தான். விளம்பரத்தில் எக்ஸ்போர்ட் டாக்குமென்ட் பார்க்க ஆள் வேண்டும் என்றிருந்தால் இந்தக் கதை வேண்டாம், ஷிப்பிங் பில், பேங்க் ரியலைசேஷன் பக்கம் நீங்கள் செய்த ஒன்றை அந்த இடத்தில் வையுங்கள்.

கவர் மெயிலை இணைப்பாக அனுப்பலாமா? (பலர்)

வேண்டாம். மெயிலுக்குள்ளேயே எழுதுங்கள், 150 வார்த்தை போதும்.

எண் இருந்தால்தான் மதிப்பு என்றார்கள். "விற்பனையை 300 சதவீதம் உயர்த்தினேன்" என்று போட்டேன். நேர்காணலில் அதைப் பற்றிக் கேட்டுச் சிரித்துவிட்டார்கள். (சேலம், விற்பனைப் பிரிவு)

இதைப் பற்றி எழுதச் சந்தர்ப்பம் கிடைக்காதா என்று காத்திருந்தேன். யாரோ "எண் போடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள், அன்றிலிருந்து வருகிற மெயில் எல்லாவற்றிலும் சதவீதம் கொட்டிக் கிடக்கிறது. திறனை 40 சதவீதம் கூட்டினேன், வாடிக்கையாளர் திருப்தியை 60 சதவீதம் உயர்த்தினேன். திருப்தியை எதை வைத்து அளந்தீர்கள், யார் அளந்தது? "கடின உழைப்பாளி" என்பதாவது தீங்கில்லாத வெற்றுச் சொல். அடிப்படை இல்லாத சதவீதம் அதைவிட மோசம், ஏனென்றால் படிப்பவருக்குச் சந்தேகம் வந்துவிட்டால் மெயிலில் உண்மையாக இருக்கிற மற்ற வரிகளையும் நம்ப மாட்டார்.

உங்கள் கணக்கையே பார்ப்போம். மாதம் 2 டீலர் ஆர்டர் வந்துகொண்டிருந்தது 8 ஆனது என்று கடிதத்தின் அடியில் எழுதியிருக்கிறீர்கள். கணக்குப்படி 300 சதவீதம் சரிதான். ஆனால் 300 என்று படித்தவர் மனதில் ஒரு பெரிய கம்பெனி விற்பனை ஓடும், நேரில் கேட்டால் எட்டு ஆர்டர் என்று தெரியும், பிறகு சிரிக்காமல் என்ன செய்வார்? "மாதம் 2 ஆர்டர் வந்த பகுதியில், ஆர்டரை நிறுத்தியிருந்த பழைய டீலர்களை நேரில் போய்ப் பார்த்து ஆறு மாதத்தில் 8 ஆக்கினேன்" என்று எழுதிப் பாருங்கள். எண் சின்னதுதான், ஆனால் எந்த டீலர், ஏன் நிறுத்தியிருந்தார், என்ன சொல்லித் திரும்பக் கொண்டுவந்தீர்கள் என்று அவர் கேட்கக் கேட்க உங்களிடம் பதில் இருக்கும்.

அதோடு, அந்த ஆறு மாதத்தில் கம்பெனி விலையைக் குறைத்ததா, சீசன் வந்ததா என்பதையும் யோசியுங்கள். அப்படி இருந்தால் அதையும் ஒரு வார்த்தை சேர்த்துவிடுங்கள், மறைத்தால் நேரில் அகப்படும். இரண்டாவது கேள்விக்குத் தாங்காத எண்ணை எழுதாதீர்கள். முன்பும் சொல்லியிருக்கிறேன், இனியும் சொல்வேன்.

அவசரம். எனக்கு ஒரு நல்ல கவர் மெயில் எழுதி அனுப்பவும். (ஊர் இல்லை)

என்ன வேலைக்கு, எத்தனை வருட அனுபவம், இதுவரை என்ன செய்தீர்கள், ஒன்றையும் எழுதவில்லை. உங்களைப் பற்றி எதுவும் தெரியாமல் நான் எழுதினால் அதுவும் "கடின உழைப்பாளி" என்றுதான் வரும்.

மெக்கானிக்கல் டிப்ளமோ இப்போதுதான் முடித்தேன். சாதனை என்று எதை எழுதுவது? (கோவை)

ப்ராஜெக்ட் செய்திருப்பீர்கள் அல்லவா, அதை எழுதுங்கள். நாலு பேர் சேர்ந்து செய்ததில் உங்கள் கையால் நடந்தது எது என்பதை மட்டும். "டிரில்லிங் ஜிக் ப்ராஜெக்டில் டிராயிங் முழுவதும் நான் போட்டேன், முதல் ஜிக்கில் துளை அரை மில்லி விலகியது, லொகேட்டிங் பின்னை மாற்றியதும் சரியானது" என்று எழுதும் பையனை ஒரு டூல் ரூம்காரர் கட்டாயம் கூப்பிடுவார். மதிப்பெண் ரெஸ்யூமில் இருக்கிறது, மெயிலில் திரும்ப வேண்டாம்.

ஆஸ்பத்திரி வரவேற்பில் இருக்கிறேன். என் வேலையில் எண்ணே கிடையாது. (மதுரை வாசகி)

இருக்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை டோக்கன், எத்தனை டாக்டர்களின் அப்பாயின்ட்மென்ட்? அது உங்கள் வேலையின் அளவு, முதலில் அதை எழுதுங்கள். அப்புறம் நீங்கள் மாற்றிய ஒன்று. ரிவ்யூவுக்கு வருபவர்களையும் புதியவர்களையும் தனி வரிசையில் நிறுத்தியதாகக் கடிதத்தில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்களே, அதுதான். காத்திருப்பு எவ்வளவு குறைந்தது என்று அளக்கவில்லை என்றால் நிமிடக் கணக்கைக் கற்பனை செய்யாதீர்கள். "இப்போதும் அதே முறைதான் நடக்கிறது" என்ற ஒரு வரி போதும்.

பழைய கம்பெனியின் வாடிக்கையாளர் பெயர், விற்பனைத் தொகையை எழுதலாமா? (ஓசூர்)

கூடாது. "ஒரு வாகன உதிரிபாக வாடிக்கையாளர்" என்று எழுதி, தொகையை உத்தேசமாகச் சொல்லுங்கள். அங்கே உள்ளதை வெளியே சொல்பவர் நாளை இங்கே உள்ளதையும் சொல்வார் என்றுதான் புது முதலாளி நினைப்பார்.

சப்ஜெக்ட் வரியில் என்ன போடுவது?

பணியின் பெயர், அனுபவம், உங்கள் பெயர். "ரெஸ்யூம்" என்ற ஒற்றைச் சொல்லோடு வரும் மெயில்களில் எது உங்களுடையது என்று தேட யாருக்கும் நேரமில்லை.