கியர் போட்டதும் அணையும் பைக்

பைக் நியூட்ரலில் நன்றாக ஓடுகிறது, முதல் கியர் போட்டால் உடனே அணைந்துவிடுகிறது. ஏன்?

பெரும்பாலும் சைடு ஸ்டாண்ட் சுவிட்ச்தான் காரணம். ஸ்டாண்ட் இறங்கியிருக்கிறதா என்று பார்க்கும் சின்ன சுவிட்ச் அது. ஸ்டாண்டை மடக்காமல் கிளம்பினால் திருப்பத்தில் தரையில் இடித்து வண்டி கவிழலாம். அதனால்தான் கியர் விழுந்ததும் எஞ்சின் நிறுத்தப்படுகிறது. கதவைச் சாத்திய பிறகும் திறந்திருப்பதாக நினைத்து ஓட மறுக்கும் வாஷிங் மெஷின் மாதிரி, சேறு புகுந்த சுவிட்ச் மடக்கிய ஸ்டாண்டையும் இறங்கியதாகவே காட்டும்.

சுவிட்ச் பக்கம் படிந்த சேற்றைக் கழுவி, ஸ்டாண்டைச் சில முறை இறக்கி மடக்கிவிட்டு, மறுபடி கியர் போட்டுப் பாருங்கள். அப்புறமும் அணைந்தால் சுவிட்சையோ அதன் ஒயரையோ மெக்கானிக் சோதிக்க வேண்டும்.

பலர் இதற்குப் பேட்டரியை மாற்றுகிறார்கள். நியூட்ரலில் ஸ்டார்ட் ஆகி ஓடும் வண்டியில் பேட்டரி காரணமாக இருப்பது அரிது.