ஒரு லட்சம் போட்டேன், 67 ரூபாய்தான் வட்டியா?

கேள்வி: தபால் நிலைய சேமிப்புக் கணக்கில் 5,000 ரூபாய் வைத்திருந்தேன். சீட்டுப் பணம் ஒரு லட்சம் கைக்கு வந்ததும், 4 சதவீத வட்டியாயிற்றே என்று ஜூன் 11-ஆம் தேதி அதில் போட்டேன். ஜூலை 25-ல் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக 90,000 எடுத்துவிட்டேன். இந்த இரண்டு மாதத்துக்கும் சேர்த்து 67 ரூபாய்தான் வட்டி வரும் என்று கவுன்ட்டரில் சொல்கிறார்கள். என் வங்கியில் 2.5 சதவீதம்தான். அங்கே போட்டிருந்தாலே கூட வந்திருக்குமோ? கணக்கில் ஏதாவது தப்பு இருக்கிறதா?

பதில்: கணக்கில் தப்பு இல்லை. தேதிகள்தான் உங்கள் காலை வாரிவிட்டன. ஜூன் 10-ஆம் தேதியே போட்டிருந்தால், அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் 350 ரூபாய் வந்திருக்கும்.

தபால் நிலைய சேமிப்புக் கணக்கில் ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதி முடிவிலிருந்து மாதக் கடைசி வரை இருந்த இருப்பைப் பார்ப்பார்கள். அதில் எது ஆகக் குறைவோ, அந்தத் தொகைக்குத்தான் அந்த மாத வட்டி. பாஸ்புக்கைத் திறந்து இருப்புப் பத்தியில் விரலை வைத்து, 10-ஆம் தேதியிலிருந்து கீழே இறக்கிக்கொண்டு போங்கள். கண்ணில் படும் மிகச் சிறிய எண்தான் அந்த மாதத்துக்கு உரியது.

ஜூனில் அந்த எண் 5,000. ஏனென்றால் 10-ஆம் தேதி கணக்கு முடியும்போது அவ்வளவுதான் இருந்தது. மறுநாள் வந்த ஒரு லட்சம் அந்த மாதத்தைப் பொறுத்தவரை வராத பணம். 5,000-க்கு 4 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 200. மாதத்துக்கு 16 ரூபாய் 67 காசு. ஜூலையில் 24-ஆம் தேதி வரை 1,05,000 இருந்தும் பயனில்லை. 25-ல் 90,000 எடுத்ததும் இருப்பு 15,000 ஆகிவிட்டது. மாதம் முழுவதற்கும் அந்த 15,000-தான் கணக்கு. வட்டி 50 ரூபாய். இரண்டையும் கூட்டுங்கள், அந்த 67 வந்துவிடும். ஒரு லட்சம் 44 நாள் அங்கே உட்கார்ந்திருந்து, தன் பங்குக்குக் கிட்டத்தட்ட ஒன்றுமே சம்பாதிக்கவில்லை.

இதே பணத்தை உங்கள் வங்கியில் ஓட்டிப் பார்ப்போம். அங்கே ஒவ்வொரு நாள் முடிவிலும் என்ன இருப்போ, அதற்கு ஒரு நாள் வட்டி. ஜூனில் 10 நாள் 5,000, மீதி 20 நாள் 1,05,000. ஜூலையில் 24 நாள் 1,05,000, கடைசி 7 நாள் 15,000. நாளையும் தொகையையும் பெருக்கிக் கூட்டினால் 47,75,000 வரும். அதை 2.5 சதவீதத்தால் பெருக்கி 365-ஆல் வகுத்தால் 327 ரூபாய். இதே நாள் கணக்கை 4 சதவீதத்துக்குப் போட்டால் 523 ரூபாய் வரும். ஆக, உங்கள் சந்தேகம் சரிதான். குறைந்த வட்டி தரும் வங்கியில் போட்டிருந்தால் 260 ரூபாய் கூடக் கிடைத்திருக்கும்.

வங்கிகளும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தன. அங்கேயும் அதே 10-ஆம் தேதி, அதே குறைந்தபட்ச இருப்பு. தடித்த லெட்ஜரில் கையால் எழுதிய காலத்தில், ஆயிரக்கணக்கான கணக்குகளுக்கு நாள்வாரியாக வட்டி போடுவது நடக்கிற காரியமா? மாதத்துக்கு ஒரு எண் என்றால் குமாஸ்தாவுக்கு வேலை எளிது. கிளைகள் கணினிக்கு மாறிய பிறகு அந்தக் காரணம் போய்விட்டது. ரிசர்வ் வங்கி உத்தரவின்படி 2010 ஏப்ரல் 1 முதல் வங்கி சேமிப்புக் கணக்குகளுக்கு நாள் இருப்புக் கணக்கு வந்தது. தபால் நிலையத்துக்கு விதிமுறை வகுப்பது மத்திய நிதி அமைச்சகம். அங்கே பழைய முறையே தொடர்கிறது. தபால் நிலையங்களும் கணினிக்கு வந்து எவ்வளவோ நாளாகிவிட்ட பிறகும் இது ஏன் மாறவில்லை என்று எனக்கும் கேட்கத் தோன்றுகிறது.

அதற்காக நாளைக்கே கணக்கை மூடிவிடாதீர்கள். தேதி தெரிந்தவருக்கு இந்தப் பழைய முறை லாபமும் தரும். நீங்கள் ஜூன் 10-ல் போட்டு, கட்டணத்தை ஆகஸ்ட் 1-ல் கட்ட முடிந்திருந்தால், இரண்டு மாதமும் 1,05,000-க்கு முழு வட்டி, அதாவது 700 ரூபாய். அதே 4 சதவீதத்தை நாள் கணக்கில் போட்டால்கூட 603-தான். ஜூனில் முதல் ஒன்பது நாள் பணம் இல்லாததை இந்த முறை கண்டுகொள்ளவே இல்லை பாருங்கள். அதேபோல் மாதத்தின் முதல் பத்து நாளுக்குள் பணத்தை எடுத்துவிட்டு 10-ஆம் தேதிக்குள் திருப்பிப் போட்டாலும் நஷ்டம் கிடையாது.

எனவே அடிக்கடி போட்டு எடுக்கும் பணம் வங்கியில் இருக்கட்டும், அசையாத பணம் தபால் நிலையத்தில் இருக்கட்டும். எல்லை எங்கே என்று கேட்டால், உங்கள் இரண்டு வட்டி விகிதங்களை வைத்தே சொல்லலாம். 4-க்கு 2.5 என்பது எட்டுக்கு ஐந்து. தபால் நிலையத்தில் 10-க்குப் பிறகான குறைந்தபட்ச இருப்பு, அந்த மாதச் சராசரி இருப்பில் எட்டில் ஐந்து பங்குக்கு மேல் இருந்தால் தபால் நிலையம் லாபம். அதற்குக் கீழே போனால் வங்கி. உங்கள் ஜூலையில் சராசரி ஏறக்குறைய 84,700, குறைந்தபட்சம் 15,000. பக்கத்தில்கூட வரவில்லை.

இன்னொன்று. 10-ஆம் தேதிக்கும் கடைசி நாளுக்கும் இடையில் இருப்பு 500 ரூபாய்க்குக் கீழே இறங்கினால் அந்த மாதத்துக்கு வட்டியே கிடையாது. மொத்தமாக எடுக்கும்போது இதை மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: வங்கியில் தினமும் வட்டி என்றால், காலையில் இருபதாயிரம் போட்டு மாலையில் எடுத்தாலும் அந்த நாளுக்கு வட்டி உண்டா? தினமும் கணக்கில் ஏறுவதாகவும் தெரியவில்லையே?

பதில்: கிடையாது. நாள் முடிவில் இருக்கும் இருப்புதான் கணக்கு. காலையில் வந்து மாலையில் போன பணத்தை வட்டிக் கணக்கு பார்ப்பதே இல்லை. இரவு தங்கிய பணத்துக்கு மட்டும் வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போடுவதுதான் தினமும், வரவு வைப்பது மூன்று மாதத்துக்கு ஒரு முறை. சில வங்கிகள் மாதாமாதமும் போடுகின்றன. தபால் நிலையத்தில் நிதியாண்டு முடிவில்தான். சரிபார்க்க விரும்பினால் அந்த மூன்று மாத ஸ்டேட்மென்ட்டை எடுத்து, மேலே செய்தது போல ஒவ்வொரு இருப்பையும் அது நீடித்த நாட்களால் பெருக்கிக் கூட்டுங்கள். இடையில் வட்டி விகிதம் மாறியிருந்தால் அந்தத் தேதியில் கணக்கை இரண்டாக வெட்டிப் போடவேண்டும். வங்கி தப்பாகப் போட்டுவிட்டது என்று சிலர் சண்டைக்குப் போவது பெரும்பாலும் இதைக் கவனிக்காமல்தான்.