ஐந்நூறைத் தொடாத பில்கள்

கேள்வி: சின்னச் சின்னத் தொகைகள் திரும்பத் திரும்ப வருவதை வைத்துக் கணக்கில் ஏதாவது தவறைக் கண்டுபிடித்திருக்கிறீர்களா?

கண்டுபிடித்திருக்கிறேன். ஈரோட்டில் ஒரு நூல் வியாபார நிறுவனத்தில் கணக்காளராக இருந்தேன். செப்டம்பர் மாதம், வருமான வரித் தணிக்கை நெருக்கடி. ஜனவரி முதல் மார்ச் வரையிலான கிடங்குச் செலவு பில்கள் ஒரு பையில் கசங்கிக் கிடந்தன. எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் நீவிப் பதிவு செய்துகொண்டிருந்தேன்.

485, 490, 495. விரல்கள் இதே எண்களைத் தட்டிக்கொண்டிருந்தன. எழுதுபொருள், சாக்கு, தையல் ஊசி என்று காரணம் மட்டும் மாறியது.

ஒரே தொகை திரும்ப வந்தாலே மோசடி என்று நினைக்கக் கூடாது. தேநீர்க் கடைக்கும் தண்ணீர் கேனுக்கும் ஒரே தொகைதான் மாதம் முழுவதும் வரும். அது விலையும் அளவும் மாறாததால் வருவது. ஆனால் பல பொருள்களை வாங்கும்போது தொகைகள் 62, 130, 740 என்று சிதறித்தான் விழும். இங்கே ஐந்நூறுக்குச் சற்றுக் கீழே ஒரு குவியல். ஐந்நூறைத் தாண்டி ஒன்றுகூட இல்லை. எங்கள் நிறுவனத்தில் ரூ.500-க்கு மேல் போனால் மேலாளரின் கையெழுத்து வேண்டும். கிடங்கில் இருப்பவருக்கு அந்த வரம்பு நன்றாகத் தெரியும்.

இருந்தாலும் இது சந்தேகம்தானே தவிர, ஆதாரம் அல்ல. எனவே அந்த எழுதுபொருள் கடை பில்களைத் தனியே எடுத்துப் பில் எண்ணைப் பார்த்தேன். ஜனவரி 9-ஆம் தேதி பில் 211. ஜனவரி 20-இல் 212. பிப்ரவரி 3-இல் 213. பிப்ரவரி 17-இல் 214. ஒரு கடையில் ஐந்து வாரங்களாக எங்களைத் தவிர வேறு யாருக்குமே பில் போடவில்லையா? வெற்றுப் பில் புத்தகம் யாரோ ஒருவர் கையில் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியாது. நான்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் மடிப்புக் கோடுகளும் பொருந்தின. வெவ்வேறு மாதங்களில் வாங்கிய தாள்கள் அப்படி ஒரே மாதிரி கசங்க வாய்ப்பில்லை.

கடைசியாக வாயிற்காவலரின் உள்வரவுப் பதிவேடு. அந்தத் தேதிகளில் எழுதுபொருளோ சாக்கோ உள்ளே வந்ததாகப் பதிவே இல்லை. மூன்றும் சேர்ந்த பிறகுதான் உரிமையாளரிடம் போனேன். யார் பெயரையும் சொல்லாமல் தாள்களை மட்டும் வைத்தேன். ஒரு மனிதரின் பிழைப்பு சம்பந்தப்பட்டது, ஊகத்தில் விரல் நீட்டக் கூடாது. அவர் விசாரித்தபோது கிடங்குப் பொறுப்பாளர் ஒப்புக்கொண்டார். மொத்தம் பதினோராயிரத்துச் சொச்சம்.

அதன் பிறகு வரம்பை ஒரு வவுச்சருக்கு என்று வைக்காமல், ஒரு கடைக்கு ஒரு மாதத்துக்கு என்று மாற்றினோம். டேலியில் பதியும்போது விவரக் குறிப்பில் பில் எண்ணையும் கட்டாயம் எழுதச் செய்தோம்.