ஃபூர் எலீஸில் எது பல்லவி, எது இடைப்பகுதி?

"பினாங்கில் பியானோ கேட்கத் தொடங்கியிருக்கிறேன். ஃபூர் எலீஸ் ரொண்டோ வடிவம் என்கிறார்கள். எண்ணினால் முதல் மெட்டு மூன்று முறைக்கு மேல் வருகிறதே?"

வணக்கம். ரொண்டோ என்பது, இடைப்பகுதிகளுக்கு நடுவே ஒரு பல்லவி மீண்டும் மீண்டும் திரும்பி வரும் வடிவம். பீத்தோவன் 1810-இல் எழுதிய இப்படைப்பில் திரும்பி வருவது ஒரு வரி மட்டுமன்று, ஒரு முழுப் பகுதி. அதற்குள்ளேயே அந்த மெட்டு பல முறை ஒலிப்பதால்தான் உங்கள் எண்ணிக்கை கூடிவிடுகிறது. மெட்டுக்கு நடுவே சற்றே மலர்ந்து, பின் ஒரே சுரம் மேலும் கீழும் தாவி மெட்டிடம் திரும்பும் சிறு பகுதியும் பல்லவியைச் சேர்ந்ததே.

உண்மையான இடைப்பகுதிகள் இரண்டுதான். முதலாவது, பல்லவியின் சுரத்தளமான ஏ மைனரின் ஏக்கம் நீங்கி எஃப் மேஜரில் ஒளியுடன் தொடங்கி, விரைவான சுரங்களாக ஓடுகிறது. இரண்டாவதில் இடக்கை ஒரே தாழ்ந்த சுரத்தை விடாமல் தட்ட, மேலே கனத்த நாதக்கோவைகள் எழுகின்றன; கோலாலம்பூரில் என் மகள் இதைப் பயின்றபோது, அந்தத் தட்டலைக் கொண்டே நான் இடத்தை அறிந்துகொண்டேன். அதன் முடிவில் சுரங்கள் மேலேறி, அரைச்சுரம் அரைச்சுரமாக இறங்கிப் பல்லவியில் சேர்கின்றன.

ஆகவே பல்லவி, முதல் இடைப்பகுதி, பல்லவி, இரண்டாம் இடைப்பகுதி, பல்லவி என்பதே வரிசை. நம் கீர்த்தனையில் அனுபல்லவியும் சரணமும் பெரும்பாலும் பல்லவியின் ராகத்திலேயே நிற்கும். இங்கே சுரத்தளமே மாறக்கூடும் என்பதால், மெட்டை எண்ணாமல் அந்த மாற்றத்தைக் கவனித்துக் கேளுங்கள்.