இரண்டிலும் ஐம்பது டிகிரிதான், ஆனால் எங்கே?

அன்புள்ள சார்,
மோட்டார் பொசிஷன் கன்ட்ரோலுக்கு 10/(s(s+1)) எடுத்துக்கொண்டு லீட், லேக் இரண்டையும் டிசைன் செய்து பார்த்தேன். இரண்டிலும் ஃபேஸ் மார்ஜின் 50 டிகிரி வருகிறது. லேக் ஃபேஸைக் குறைக்கும் என்றுதானே படித்தோம், பிறகு மார்ஜின் எப்படிக் கூடியது? இரண்டில் எதை வைத்துக்கொள்வது?
ர.

அன்புள்ள ர.,

போன வாரம் பழைய நோட்டுகளைக் கழிக்க உட்கார்ந்தபோது இதே கணக்கு கண்ணில் பட்டது. உங்கள் கடிதமும் வந்து சேர்ந்தது.

50 டிகிரி என்று எழுதினீர்கள். எந்த அதிர்வெண்ணில் என்று எழுதவில்லை. போடே படத்தின் கீழே உள்ள அச்சை அழகுக்கா வரைந்து வைத்திருக்கிறார்கள்?

ஒன்றும் சேர்க்காதபோது உங்கள் மோட்டாரின் கெயின் 1-ஐக் கடப்பது 3.1 rad/s-இல். அங்கே மார்ஜின் 18 டிகிரி. ஸ்டெப் கொடுத்தால் 60 சதவீதம் தாண்டிப் போய் ஆடும். இப்போது ஜீரோ 0.07-இலும் போல் 0.006-இலும் உள்ள லேக்கைப் போடுங்கள். ஜீரோவைத் தாண்டியதும் கெயின் பன்னிரண்டில் ஒரு பங்காகிவிடுகிறது. கிராஸ்ஓவர் 0.7-க்கு இறங்குகிறது. அந்த இடத்தில் மோட்டாருக்குச் சொந்தமாகவே 55 டிகிரி மார்ஜின் உண்டு. லேக் அதில் 5 டிகிரியைத் தின்றுவிட்டு மிச்சத்தை விடுகிறது. கொடுத்தது ஒன்றுமில்லை, எடுத்ததுதான்! ‘லேக் மார்ஜினைக் கூட்டும்’ என்று ஒரே வரியில் சொல்லிக் கொடுப்பவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம். கெயினைக் குறைத்து, மெதுவாக ஓடச் சம்மதித்ததால் கிடைத்த மார்ஜின் அது. கூடவே, கடைசித் துளிப் பிழை தீர அரை நிமிடத்துக்கும் மேல் இழுக்கும்.

லீட் நிஜமாகவே கொடுக்கும். ஜீரோ 2.2, போல் 8.8 என்றால் நடுவில் 37 டிகிரி. ஆனால் அங்கே கெயினும் இரட்டிப்பாவதால் கிராஸ்ஓவர் 4.4-க்கு ஏறுகிறது, மோட்டாரின் சொந்த மார்ஜின் 13 ஆகிறது. 13-உம் 37-உம் 50. லேக்கைவிட ஆறு மடங்கு வேகம்.

சும்மா கிடைக்குமா? உயர் அதிர்வெண் இரைச்சலும் நான்கு மடங்காகும். எனக்கு 26 வயதில், வேலை பார்த்த இடத்தில், பொட்டென்ஷியோமீட்டர் ஃபீட்பேக் வைத்த ஒரு சுழல்மேடைக்கு 55 டிகிரி வேண்டும் என்று பேராசைப்பட்டு லீடின் போல்-ஜீரோ விகிதத்தைப் பத்தாக வைத்தேன். மேடை அசையாமல் நிற்கும்போதே மோட்டார் வண்டு மாதிரி ரீங்காரமிட்டது, டிரைவர் தொட முடியாத சூடு. ஒரு வாரம் எர்த் கம்பிகளைத் துரத்தினேன். கடைசியில் கன்ட்ரோலர் அவுட்புட்டில் ஆசிலோஸ்கோப்பை வைத்தால், கோடே இல்லை, தடித்த பட்டை. விகிதத்தை நான்காக்கினேன், ரீங்காரம் அடங்கியது. மார்ஜின் குறைந்தது, அதோடு வாழ்ந்தோம்.

சரி, எதை வைப்பது? உங்கள் மோட்டார் எதைத் திருப்புகிறது என்று நீங்கள் சொல்லவே இல்லையே. வெயிலைப் பின்தொடரும் சோலார் தகடு என்றால் லேக் தாராளமாகப் போதும். ரோபோக் கை என்றால் லீட். முதலில் சென்சார் சிக்னலை ஸ்கோப்பில் பார்த்துவிட்டு எழுதுங்கள்.